படம் சொல்லாததைச் சொல்லுங்கள்: பிறந்தநாள் வீடியோவுக்கு நாம் எழுதும் வரிகள்



இப்போதெல்லாம் ஒரு கூட்டாளிக்குப் பிறந்தநாள் வந்தால் கேக் இருக்கிறதோ இல்லையோ, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ கட்டாயம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு போட்டோவைக் கோர்த்து, சிலதை நான்கு நான்காக ஒரே திரையில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் போடுகிறோம். பிறந்தநாள் கொண்டாடலாமா கூடாதா என்ற பேச்சுக்குள் இந்தப் பதிவு போகாது. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நாம் சொல்ல வருவது அந்த வீடியோவில் எழுதும் வரியைப் பற்றி மட்டும். நம்மூரில் அந்த வரிக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வேலை இருக்கிறது என்பது நமது கருத்து.

முதலில் நடப்பதைப் பாருங்கள். ஒருவருக்கு வரும் வீடியோவையும் இன்னொருவருக்கு வரும் வீடியோவையும் பக்கத்தில் வைத்தால், முகம்தான் வேறு, வரி ஒன்றுதான். "உயிர் நண்பனுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள்." "நட்புக்கு இலக்கணம் நீ." "என்றும் மாறாத புன்னகை." இந்த வரிகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யாருடைய படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். யாருக்கும் பொருந்தும் வரி ஒருவரையும் பற்றிச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு வகையும் உண்டு. சின்ன வகுப்புகளில் நாம் "படத்தைப் பார்த்து ஐந்து வசனம் எழுதுக" என்று கொடுப்போம். பிள்ளை எழுதும்: "இது ஒரு கடற்கரை. இங்கே நான்கு பேர் நிற்கிறார்கள்." அந்த வயதுக்கு அது சரி. நாற்பது வயதுக் கூட்டாளியின் வீடியோவிலும் "கடற்கரையில் நண்பர்களுடன்" என்று போட்டால், கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்வதாகத்தான் முடியும். கடற்கரை என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அது எந்தக் கடற்கரை, எந்த வருடம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார், அன்று திரும்பி வர பஸ் இருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. வரி எழுத வேண்டியது அங்கேதான்.

நம்மூரில் இது ஏன் பெரிய விஷயம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அதில் அடக்கம். கையில் எடுத்துக்கொண்டு போக முடிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் அல்பம் வந்த குடும்பங்கள் மிகக் குறைவு. நம் தமிழ் அயலவர்கள் இடம்பெயர்ந்து, மீண்டும் இடம்பெயர்ந்து, 2009 இல் கடைசியாக ஒரு பையுடன் வந்தார்கள். அவர்களுடைய படங்களும் வழியில் போயின. கரையோரத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு முன்பே 2004 சுனாமி. ஆகவே முல்லைத்தீவு மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அவருடைய சின்ன வயதுப் படம் ஒன்று இருந்தால், அது அபூர்வம். எஞ்சியிருக்கும் படத்தில் யார் யார் என்று சொல்லக்கூடியவர்களும் வயதாகிப் போகிறார்கள்.

முன்பு படத்தின் பின்பக்கத்தில் பேனையால் பெயரும் திகதியும் எழுதி வைத்தார்கள். இப்போது அந்தப் படத்தைப் போனால் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். முன்பக்கம் மட்டும் வருகிறது, பின்பக்கத்து எழுத்து அல்பத்தோடேயே நின்றுவிடுகிறது. பிறந்தநாள் வீடியோ செய்யும்போதுதான் பல வீட்டில் பழைய படங்கள் வெளியே வருகின்றன. உம்மாவிடம் கேட்கிறோம், மாமியிடம் கேட்கிறோம், புத்தளத்தில் இருக்கும் சாச்சாவிடம் வாங்குகிறோம். அந்த நேரத்தில் "இது யார், எங்கே" என்று கேட்டு எழுதினால், விளையாட்டாகச் செய்த வீடியோ ஒரு குடும்பப் பதிவாகிவிடும். கேட்காமல் "இனிய நினைவுகள்" என்று போட்டால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடும்.

சரி, எப்படி எழுதுவது? ஒரு நண்பரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், நம்மூரில் அவரைப்போல் பலர் இருக்கிறார்கள். 1984 இல் தண்ணீரூற்றில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பத்தோடு புத்தளம் போனவர். அங்கே ஓலைக் கொட்டில்களுக்கிடையே வளர்ந்து, அங்கேயே ஓ.எல். எழுதி, யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகு வாப்பாவின் காணிக்குத் திரும்பியவர். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும் வீடியோ. ஒன்பது திரைகள்.

முதல் திரையிலேயே சிக்கல். பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை ஒரு படமும் இல்லை. வழமையாக என்ன செய்வார்கள்? இணையத்திலிருந்து ஒரு குழந்தைப் படத்தை எடுத்துப் போடுவார்கள், அல்லது நேரே புத்தளத்திலிருந்து தொடங்குவார்கள். இரண்டுமே சரியில்லை என்பது நமது கருத்து. முதலாவது பொய். இரண்டாவது, அவர் புத்தளத்தில் பிறந்தவர் போலக் காட்டிவிடும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இப்படிப் போடலாம்:

"1984 – 1990, தண்ணீரூற்று. படம் இல்லை."

ஐந்து செக்கன். இதில் கவலையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அந்த ஆறு வருடமும் இருந்தது என்று அந்த வரி சாட்சி சொல்கிறது. பார்க்கும் பிள்ளை "ஏன் படம் இல்லை வாப்பா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வரட்டும்.

இரண்டாவது திரை, அகதி முகாம் பாடசாலையில் எடுத்த வகுப்புப் படம். நாற்பது பிள்ளைகள், எல்லா முகமும் கச்சான் கொட்டை அளவு. இந்த இடத்தில் வரியின் வேலை ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது: "புத்தளம், 1995. இரண்டாம் வரிசை, வலமிருந்து மூன்றாவது." "வலமிருந்து" என்று எழுதினால் பார்க்கிறவரின் வலமா படத்தில் நிற்பவரின் வலமா என்று குழப்பம் வரக்கூடாது. எப்போதும் பார்க்கிறவரின் பக்கத்திலிருந்தே எண்ணுங்கள், பத்திரிகைகளிலும் அப்படித்தான். இந்தத் திரைக்கு ஏழு செக்கன் கொடுக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகு கண் போய்த் தேட வேண்டுமல்லவா?

மூன்றாவது, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். "சிரிக்க வேண்டாம் என்றார் ஸ்டூடியோக்காரர்." ஐந்து செக்கன். முகம் ஏன் அப்படி உர்ரென்று இருக்கிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. நண்பரைக் கேலி செய்ய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான்காவது திரைதான் கொலாஜ். நான்கு படம்: கிரிக்கெட் மட்டையுடன் ஒன்று, சைக்கிளுடன் ஒன்று, கற்பிட்டிக் கரையில் ஒன்று, ஒரு கல்யாண வீட்டில் சகன் சாப்பாட்டைச் சுற்றி ஒன்று. பலர் நான்கு படத்துக்கும் நான்கு வரி எழுதுவார்கள். கைபேசித் திரையில் கால்வாசி இடத்துக்குள் ஒரு தமிழ் வரி அடங்க வேண்டுமென்றால் எழுத்து எறும்பு அளவாகும். ஒருவராலும் வாசிக்க முடியாது. கொலாஜுக்கு ஒரே ஒரு வரிதான். நான்கு படத்துக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று தேடுங்கள். நாம் தேடினால் இப்படி ஒன்று கிடைக்கலாம்:

"2001 – 2006. நான்கு படத்திலும் ஒரே சேர்ட்."

இந்த வரி வந்ததும் பார்க்கிறவரின் கண் தானாகவே ஒவ்வொரு படமாகப் போய்ச் சேர்ட்டைத் தேடும். கொலாஜ் என்பதற்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது. முதலில் சிரிப்பு வரும். பிறகு, ஐந்து வருடம் ஏன் ஒரே நல்ல சேர்ட் என்பது மெல்ல விளங்கும். "வறுமையிலும் சிரித்தவன்" என்று எழுதத் தேவையில்லை. இதற்கு எட்டு செக்கன்.

ஐந்தாவது, திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கும் படம். சுற்றிவரப் பற்றை. "காடு வெட்டிய முதல் நாள். கிணறு மட்டும் இருந்தது." ஆறு செக்கன்.

ஆறாவது, பக்கத்துக் காணித் தமிழ் நண்பரோடு தோளில் கைபோட்டு நிற்கும் படம். இருவரும் சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர்கள். "இருபது வருடம் கழித்து. முதலில் இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை." ஏழு செக்கன். ஏழாவது, முதல் பிள்ளையைக் கையில் தூக்கிய நாள்: "பிள்ளை தூங்குகிறது. பயம் வாப்பாவுக்கு." எட்டாவது, தேத்தண்ணிக் கடையில் எல்லோரும்: "காசு கொடுக்கும் நேரம் போன் வரும்." கடைசியாக, நேற்று எடுத்த படம் ஒன்றில் வாழ்த்து: "நாற்பது. நல்லா இரு மச்சான்." இந்த மூன்றுக்கும் ஐந்து ஐந்து செக்கன். கூட்டிப் பாருங்கள், ஐம்பத்து மூன்று செக்கன் வரும். ஒன்பது வரியில் ஒன்றே ஒன்றுதான் வாழ்த்து. மற்ற எட்டும் அவரைப் பற்றியவை. வேறொருவரின் வீடியோவுக்கு அவற்றை எடுத்துப் போட முடியாது.

இந்தச் செக்கன் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று சிலர் கேட்கக்கூடும். தொலைக்காட்சியில் படங்களுக்கு அடிவரி போடுகிறவர்களிடம் பழைய கணக்கொன்று உண்டு: திரையில் இரண்டு முழு வரி இருந்தால் ஆறு செக்கன் விட வேண்டும். அங்கே படம் தொடர்ந்து ஓடுகிறது, கதை தெரியும், கண் அடிவரிக்குப் பழகியிருக்கிறது. நம்முடைய வீடியோவில் ஒவ்வொரு திரையும் புதிது. கண் முதலில் முகத்துக்குப் போகும், பிறகுதான் எழுத்துக்கு வரும், வாசித்துவிட்டு மறுபடி முகத்துக்குப் போகும். அதனால் ஆறேழு சொல்லுக்குள் வரியை முடித்து, ஐந்து ஆறு செக்கன் விடுவது நல்லது. செயலிகள் ஒரு படத்துக்குத் தாமாகவே மூன்று செக்கன் அளவுதான் வைக்கும். அதை நாம்தான் நீட்ட வேண்டும்.

தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. நம்முடைய சொற்கள் நீளம். "பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள்" என்ற இரண்டு சொல்லே ஒரு முழு வரியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வினைச்சொல்லை விட்டுவிடப் பழகுங்கள். "இது நாங்கள் 1995 ஆம் ஆண்டு புத்தளத்தில் கல்வி கற்றுக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்ட புகைப்படமாகும்" என்பதும் "புத்தளம், 1995" என்பதும் ஒரே செய்திதான். தமிழ் வினை இல்லாமலேயே நிற்கக்கூடிய மொழி, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். செய்து முடித்ததும் வீட்டில் மெதுவாக வாசிக்கும் ஒருவரிடம், ஒரு மூத்தம்மாவிடமோ மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமோ, காட்டுங்கள். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வரி முடியுமுன் படம் மாறினால் நேரம் போதாது. வேறு பரிசோதனை தேவையில்லை.

எழுத்து சிதைவதும் நம்மிடம் அதிகம். கணினியில் பாமினியில் அடித்துப் பழகியவர்கள் அதை அப்படியே போனுக்கு அனுப்புகிறார்கள். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் "அம்மா" என்பது mk;kh என்று தெரியும், "உம்மா" என்பது ck;kh ஆகிவிடும். யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. போனில் உள்ள தமிழ் விசைப்பலகை யுனிகோட்தான். எழுத்துரு தேட வேண்டியவர்கள் Noto Sans Tamil என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும், தடிப்பாகவும் வைக்கலாம்.

யுனிகோடில் அடித்தாலும் ஒரு இடத்தில் மாட்டுவோம். எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு போல வந்து விழும் அசைவு எல்லோருக்கும் பிடிக்கும். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் "கொ" என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு ககரம் ஒன்று, அதன் குறி ஒன்று என இரண்டு துண்டு. சில செயலிகள் அந்தத் துண்டுகளைத் தனித்தனியாக விழவிடும். முதலில் "க" வரும், பிறகு கொம்பும் காலும் வந்து ஒட்டும். மெய்யெழுத்தில் புள்ளி பிந்தி வரும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டும் வசதியும் சில நேரம் இப்படிக் கொம்பைப் பிரித்துவிடும். வரி முழுவதும் ஒன்றாக மங்கலிலிருந்து தெளிவாகி வரும் அசைவைத் தெரிவு செய்தால் போதும்.

அனுப்பும்போது வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும். அதில் முதலில் போவது புள்ளிதான். "பட்டம்" என்பது "படடம" போல மங்கும். எழுத்து பெரிதாகவும் தடிப்பாகவும் இருந்தால் புள்ளி தப்பும். நம் படங்களில் வெள்ளைச் சீருடை, வெள்ளை ஜுப்பா, வெள்ளைத் தொப்பி அதிகம். அதற்கு மேல் வெள்ளை எழுத்துப் போட்டால் பாதி காணாமல் போகும், எழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டி வைத்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் மேல்பக்கம் அனுப்பியவர் பெயரும் கீழ்ப்பக்கம் பதில் எழுதும் இடமும் வந்து மூடும். ஆகவே வரியை அடியோடு ஒட்டாமல் சற்று மேலே, ஆனால் முகத்துக்குக் குறுக்கே வராமல் வைக்க வேண்டும். முடித்ததும் முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் பாருங்கள். கணினித் திரையில் நன்றாகத் தெரிந்தது கையில் தெரியாமல் போகலாம்.

இவை எல்லாம் பழகினால் வந்துவிடும். வராதது, எதை எழுதக்கூடாது என்ற நிதானம். அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, 1990 ஐ எந்தச் சொல்லால் எழுதுவது. வீடியோக்களில் "1990 இல் புத்தளம் போனோம்" என்று பார்க்கிறோம். போனோம் என்றால் சுற்றுலாப் போனது போல. அது நடந்தது அல்ல. "வெளியேற்றப்பட்டோம்" என்பதே உண்மையான சொல். அதை எழுதுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அதே நேரம், யார் செய்தது என்று பிறந்தநாள் வீடியோவில் விசாரணை நடத்தவும் தேவையில்லை. அந்த வீடியோவைத் தோளில் கைபோட்ட தமிழ் நண்பரும் அவரது பிள்ளைகளும் பார்ப்பார்கள். அவருக்கும் 2009 இருக்கிறது, மெனிக் பாம் முகாம் இருக்கிறது. அவர் படம் வரும் இடத்தில் "நம் துயரம் உமக்குத் தெரியாது" என்ற தொனி வந்தால் நட்பைக் காட்ட வந்த வீடியோ நட்பைப் புண்படுத்தும். உண்மையான சொல், ஒரு தடவை, அளவாக. நமது நிலைப்பாடு அது. சிலர் இதை மழுப்பல் என்பார்கள். வரலாற்றை முழுதாக எழுத வேறு இடம் இருக்கிறது, எழுதவும் வேண்டும். ஆறு சொல்லுக்குள் அதை அடைக்க முயன்றால் வரலாறும் குறைப்பட்டுப் போகும், வாழ்த்தும் கெட்டுப்போகும்.

இரண்டாவது, கூட்டுப் படத்தில் இப்போது இல்லாதவர்கள். மௌத்தானவர் என்றால் "மர்ஹூம்" என்றோ, தமிழ் நண்பர் என்றால் "அமரர்" என்றோ பெயருக்கு முன் போடுவது வழக்கம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் படத்தில் இருந்தால்? அவருடைய தாய் இன்னும் மகன் வருவான் என்று இருக்கிறார். 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் இருந்து கேட்டது இதைத்தான்: என் பிள்ளை எங்கே? அந்தத் தாய்க்கு இந்த வீடியோ போய்ச் சேரும், ஊர் சின்னது. "மறைந்த நண்பர்" என்று நாம் இரண்டு சொல் எழுதினால், அரசாங்கம் இன்னும் சொல்லாத ஒரு முடிவை நாம் ஸ்டேட்டஸில் அறிவித்ததாகிவிடும். பெயரை மட்டும் எழுதுங்கள். மற்றவர்கள் பெயரை எழுதியது போலவே, அதே அளவு எழுத்தில். அவருடைய படத்தைப் போட முன்பு வீட்டில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அப்படியே, மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் தெரியும் கல்யாண வீட்டுப் படங்களையும் கேட்காமல் போடக்கூடாது.

மூன்றாவது, பிறந்த திகதி. "1984.03.14" என்று முழுதாகப் போட்டு எல்லோருக்கும் பகிர்கிறோம். நம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்கம் பிறந்த திகதிதான் என்பது பலருக்குத் தெரியாது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். மார்ச் 14 என்றால் 31, 29, 14 கூட்டினால் 74. ஆகவே அவருடைய இலக்கம் 84074 என்று தொடங்கும். பெண் என்றால் நாளோடு 500 கூட்டி 84574. 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக, 1984074 என்று வரும். பன்னிரண்டில் ஏழை நாமே ஊருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஏமாற்றுக்காரர் போனில் பேசும்போது "உங்கள் இலக்கம் இப்படித்தானே தொடங்குகிறது" என்றால் பாமர மனிதர் நம்பிவிடுவார். வீடியோவில் "நாற்பது" என்று எழுதுங்கள், அல்லது "மார்ச் 14" என்று மட்டும் எழுதுங்கள். இரண்டையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வருடம் தானாக வந்துவிடும். ஒன்பது திரையில் முதலாவதில் "1984" இருக்கிறதே என்பீர்கள். அதனால்தான் நாளையும் மாதத்தையும் எங்கும் எழுதவில்லை.

இன்னொரு சின்ன யோசனை. வீடியோ முடிந்ததும் செயலியோடு விட்டுவிடாதீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் போய்விடும். கேட்டு எழுதிய பெயர், இடம், வருடம் எல்லாம் அதோடு போகும். ஒரு கொப்பியில் படத்துக்கு ஒரு வரியாக எழுதி வையுங்கள். பொதுவில் போடாத பெயர்களையும் அதில் எழுதலாம். பழைய படங்களைப் பெரிதாக, சுருக்காமல் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் அது சுருங்காது.

"நட்புக்கு இலக்கணம் நீ" என்று எழுத ஒரு நிமிடம் போதும். "புத்தளம், 1995. இரண்டாம் வரிசை" என்று எழுத மூன்று பேருக்கு அழைப்பு எடுக்க வேண்டும். அந்த மூன்று அழைப்பையும் எடுப்போம். நம் பிள்ளைகளுக்கு அந்த முகாமும் தெரியாது, அந்தப் பாடசாலையும் இப்போது அந்த இடத்தில் இருக்காது. நண்பரின் பிறந்தநாள் ஒரு சாட்டாவது ஆகட்டும்.

உங்கள் வீட்டில் 1990 க்கு முன் தண்ணீரூற்றில் எடுத்த படம் ஒன்றாவது இருந்தால், அதில் யார் யார் என்று தெரிந்த மூத்தவர்களிடம் இந்தக் கிழமைக்குள் கேட்டு எழுதி வையுங்கள். பிறந்தநாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.